ஏழு விநாடி முந்திக் கேட்ட ஹாரன்

ஈப்போ நகரில் குளியலறைப் பக்கம் திரும்பும்போதுகூடக் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பிய ஒரே மனிதர் என் பக்கத்து வீட்டுக்காரர்தான். அதனால் தெருவில் அவருக்கு ‘சிக்னல்’ என்றே பெயர். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களில் முப்பத்தொரு வருடம் லோரி ஓட்டியவர். அதில் விபத்துகள்: பூஜ்யம். நான் அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன், எண்ணிச் சொல்கிறேன்.

சர்க்கரை வியாதி அவர் வலது பாதத்தைக் கொண்டுபோனது. தெலுக் இந்தானில் இருக்கும் மகள் வசந்தி ஒரு கணினியும், கையாலேயே பிரேக் போடும் ஸ்டீயரிங்கும், லோரி ஓட்டும் விளையாட்டும் வாங்கித் தந்தாள். அவர் ஓட்டுவதை ஊரே நேரலையில் பார்க்கவும் வழி செய்தாள். திரையின் ஓரத்தில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை தெரியும். முதல் நாள் ‘1’. அது நான்.

அன்றே எனக்குக் குழப்பம் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்கும். என் கைப்பேசியில் அதே ஹாரன் ஏழு விநாடி கழித்துக் கேட்கும். நாற்பது முறை எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். வசந்தியிடம் கேட்டால், “நேரலை அப்படித்தான் மாமா, சுத்திட்டு வரும்லா,” என்கிறாள். எதைச் சுற்றிக்கொண்டு என்று அவள் சொல்லவில்லை.

ஒரு நாள் பிற்பகல், ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் லோரி ஒரு பாலத்தின் தூணை நோக்கிப் போனது. நான் பதறிப்போய் சுவர் வழியாக, “பிரேக்,” என்று கத்தினேன். சிக்னல் அந்தத் தூணைத் தாண்டி ஏழு விநாடி ஆகியிருந்தது. என் சத்தத்தில் திடுக்கிட்டு நடுத்தடுப்பில் ஏற்றிவிட்டார். ஒன்பது அறுபதானது. யாரோ அந்த இருபது விநாடியை மட்டும் வெட்டி எல்லா இடத்திலும் பரப்ப, மறுநாள் நூற்று எழுபத்தைந்து பேர் வந்தார்கள். செமோரிலிருந்து ஒருவர், பெயர் ‘ஆட்டுக்கால்சூப்’. எல்லோரும் ஒன்றையே எழுதினார்கள்: “லங்கார் லா அண்ணே, மோதுங்க.”

சிக்னல் மோதவில்லை. நூற்று எழுபத்தைந்து நூற்றிருபதானது. பிறகு எண்பது. அவர் என்னைச் சுவரோரம் கூப்பிட்டார்.

“கிராணி சார், மோதுனாதான் இருப்பாங்களாம்.”

“போனா போகட்டுமே.”

“நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க. கால் போனப்புறம் என் வண்டில ஏறுனது அவங்க மட்டுந்தான்.”

வசந்தி ஒரு வாக்கெடுப்பு வைத்தாள். அதைக் கேட்டதும் போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். மேலே ‘மோதணும்’, கீழே ‘சரக்கைக் கொண்டு சேர்க்கணும்’. இரண்டு நிமிடம், ஆளுக்கு ஒரு ஓட்டு. முடிவுக்குக் கட்டுப்படுவதாக சிக்னல் வாக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தேர்தலில் வேண்டாத பெயரைத்தான் அடிப்போம். நான் ‘மோதணும்’ என்பதை அழுத்தி அடித்தேன். அதற்கு விழுந்த ஓட்டைக் காட்டும் கோடு நீண்டது. மறுபடி அழுத்தினேன், போட்ட ஓட்டை மாற்ற முடியாதாம். முடிவு: மோதணும் எண்பத்தெட்டு, சேர்க்கணும் எண்பத்தேழு. அந்தக் கூட்டலை இன்றுவரை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

“ஓட்டு ஓட்டுதான்,” என்றார் சிக்னல். “ஆனா ரூல்படி மோதுவோம்.”

நான்கு பக்க விளக்கையும் போட்டார். வேகம் பத்து. பின்னால் வந்த கார்களுக்கு வழிவிட்டார். மரம் தேடினார். “இது வேணாம், வளைவுல இருக்கு. அது வேணாம், பக்கத்துல பஸ் ஸ்டாப்.” பதினொரு நிமிடம் இப்படியே. எல்லோரும் போய்விடுவார்கள் என்று எண்ணைப் பார்த்தேன், நானூற்றுப் பன்னிரண்டு. கத்தியவர்களே இப்போது மரம் காட்டினார்கள். “அண்ணே, வலப்பக்கம் ஒண்ணு, காலியா இருக்கு,” என்றார் ஆட்டுக்கால்சூப். ஏழு விநாடி தாமதத்தில் அந்த மரம் தாண்டிப் போயிருக்கும். சிக்னல் பொறுமையாகச் சுற்றித் திரும்பி வருவார். கடைசியில் ஒரு மரத்தை, வலது பக்கம் சிக்னல் போட்டு, தொட்டார். சேதம்: பூஜ்யம். திரை முழுக்கச் சிரிக்கும் முகங்கள்.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

“விடுங்க சார். முப்பத்தொரு வருஷத்துல ஒரு மரத்தையும் நின்னு பார்த்ததில்ல.”

அதன் பிறகு யாரும் மோதச் சொல்லவில்லை. அவர் சிக்னல் போட்டால் நூற்றுக்கணக்கானோர் ‘டிக் டிக் டிக்’ என்று எழுதுவார்கள். அது வந்து சேரும்வரை பச்சை விளக்கிலும் அவர் நிற்பார். பின்னால் விளையாட்டுக் கார்கள் ஹாரன் அடிக்கும். “இருங்கடா, என் ஆளுங்க வரட்டும்,” என்பார். ஓட்டுவது அவரா அவர்களா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

போன மாதம் வசந்தி அவரைத் தன்னோடு தெலுக் இந்தானுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கிருந்து தினமும் ஓட்டுகிறார். நானும் பார்க்கிறேன், டிக் டிக் எழுதுகிறேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அத்தனை பேரில் அவர் ஹாரனை ஏழு விநாடி முந்திக் கேட்டவன் நான் ஒருவன்தான். இப்போது எல்லோரையும் போலத்தான் எனக்கும் கேட்கிறது.