மகரத்துக்குப் பதில்

காலை ஆறு பத்துக்கு முகாம் தொலைபேசியில் ஒரேயொரு சொல் வந்து விழுந்தது.

“மகரம்.”

அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை, வணக்கம்கூட இல்லை. நஃப்லா தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதுக்குடியிருப்புக் கண் முகாமில் அவளுடைய வேலையே வருகிற செய்திகளுக்குப் பதில் போடுவதுதான். பத்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும் என்பது மேலே உள்ளவர்களின் கட்டளை. இன்றைக்கு ஆறு பேருக்குக் கண்ணில் வெண்புரை எடுக்கிற நாள். அதில் ஒருவர் வராமல் விட்டாலும் அவருக்கு அடுத்த முறை நாலு மாதத்துக்குப் பிறகுதான்.

“கதிர்காமநாதன் அண்ணை, மகரம் எண்டா என்ன?”

கதவடியில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த காவலாளி நிமிர்ந்தார். “ராசியெல்லோ பிள்ளை. உனக்குத் தெரியாதே?”

“எங்களுக்கு ராசியில்லையே. பிறந்த மாசமோ?”

“மாசமில்லை. ஆள் பிறக்கேக்கை சந்திரன் எங்கை நிண்டதோ அது. இருபத்தேழு நட்சத்திரம், பன்னிரண்டு ராசி. ஒரு ராசிக்கு ரெண்டேகால் நட்சத்திரம். உத்தராடத்திலை முக்கால், திருவோணம், அவிட்டத்திலை பாதி, அது மகரம்.” அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கையால் காட்டினார். “ஆரோ தன்ர இண்டையான் பலனைக் கேக்கினம். உதிலை ஒவ்வொரு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லுப் போட்டிருக்கு.”

நஃப்லா கிட்டப் போய்ப் பார்த்தாள். மேடம்: பொறுமை. இடபம்: செலவு. கீழே மகரம்: தடை.

கேட்டதற்குப் பதில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தாள் பாவம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல். “தடை” என்று அனுப்பிவிட்டாள்.

மறுநொடியே திரும்பி வந்தது.

“அப்ப இண்டைக்குப் போக வேண்டாமோ? கண் ஒப்பரேசன். எனக்கு முதல் தரம். பயமாக் கிடக்கு.”

நஃப்லா தொலைபேசியைக் கதிர்காமநாதனிடம் நீட்டினாள். “அண்ணை! இது எங்கட ஆள்! எங்கட ஆறு பேரிலை ஒராள்!”

“ஐயோ பிள்ளை, தடையெண்டோ போட்டனீ?”

“நீங்கதானே காட்டினீங்க!”

“நான் சுவரைக் காட்டினன். அனுப்பச் சொன்னனானே?”

சண்டை பிடிக்க நேரமில்லை. கதிர்காமநாதன் முன்னாலுள்ள தேத்தண்ணிக் கடைக்கு ஓடினார். அங்கே வேறொரு நாட்காட்டி தொங்கியது. மூச்சு வாங்க வந்து, “அதிலை மகரத்துக்கு லாபம்!” என்றார்.

“ஒரே நாளுக்கு ரெண்டு சொல்லோ?”

“ஒண்டு வாக்கியப் பஞ்சாங்கம், மற்றது திருக்கணிதம். கணக்கு வேறை. அதோடை, சொல்லை எழுதுற ஆளும் வேறை.”

“அப்ப எது சரி?”

“நல்லதாச் சொல்லுறது சரி. அனுப்பு.”

அவள் “லாபம்” என்று அனுப்பினாள்.

“பத்து நிமிசத்துக்குள்ளை தடை லாபமா மாறுமோ?” என்று வந்தது.

இனிப் பாதியில் நிறுத்த முடியாது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள்: “இன்று உங்களுக்கு மிக நல்ல நாள். ஒப்பரேசன் நூறு வீதம் வெற்றி. ஒன்றும் நடக்காது.”

இதற்கும் பதில் வந்தது. “நூறு வீதமெண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. நீங்கள் பொய் சொல்லுறியள்.”

“அண்ணை, இந்த ஆள் விவரமான ஆள்.”

“விவரமானவை ராசி கேக்க மாட்டினமே?”

நஃப்லா அந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தாள். துண்டிக்கப்பட்டது. “வீட்டிலை ஆக்கள் நிக்கினம். கதைக்கேலாது” என்று மட்டும் வந்தது.

பட்டியலை எடுத்து விரித்தாள். அதில் இருந்த இலக்கங்கள் பெரும்பாலும் மகளுடையது, மருமகனுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது. வந்த இலக்கம் ஒன்றோடும் பொருந்தவில்லை. ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருந்தது. ஒவ்வொருவராக எடுத்து ராசியைக் கேட்பது.

முதலில் கலந்தர் காக்கா.

“ராசியா மகள்?” அவர் சிரித்தார். “எனக்கேது ராசி? சுபஹ் தொழுத கையோட வெளிக்கிட்டுட்டன். பஸ்ஸுக்கு நிக்கிறன்.”

அடுத்தது ஒட்டுசுட்டானிலிருந்து வரவேண்டிய கமலாசனி.

“அம்மா, உங்கட ராசி என்ன?”

“கடகம். ஏன் பிள்ளை?”

“சும்மாதான் அம்மா.”

“ஒப்பரேசன் காலமை சும்மா ஆரும் ராசி கேப்பினமே? கடகத்துக்குக் கூடாதாமோ? டொக்டர் கேக்கச் சொன்னவரோ?”

“இல்லையம்மா! கடகமெண்டா பிரச்சினையில்லை. மகரத்தைத்தான் தேடுறன்.”

“மகரத்துக்கு என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை!”

“இன்னும் நடக்கேல்லையோ?” கமலாசனியின் குரல் ஏறியது. “நான் வரேல்லை பிள்ளை. ஒரு கண்ணிலையாவது வெளிச்சம் தெரியுது. அது போதும்.” அழைப்பு அறுந்தது.

நஃப்லா கதிரையில் குந்தினாள். முதலில் வராமல் போகக்கூடியவர் ஒருவர். இப்போது இரண்டு பேர். அதிலும் கமலாசனி வீட்டுப் படியில் கால் தவறி விழுந்தவர். அரிசியில் கல்லைத் தடவித் தடவிப் பொறுக்குகிற மனிசி. நாலு மாதம் பிந்தினால் அவருடைய சமையலும் நடையும் எல்லாம் இன்னொருவர் கையில்தான்.

“இன்னும் நாலு பேர் இருக்கினம். எடுக்கவோ?” என்றார் கதிர்காமநாதன் உதவி செய்கிற ஆர்வத்தோடு.

“தொடாதீங்க அண்ணை!”

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். “ஊரிலை பன்னிரண்டு பேரிலை ஒராள் மகரமா இருக்கும் என்ன? அவ்வளவு பேருக்கும் இண்டைக்குத் தடையெண்டால் ஒட்டுசுட்டான் பஸ்ஸே வெளிக்கிடாதே.”

“இதை நீங்க ஆறு பத்துக்குச் சொல்லியிருக்கலாம்.”

“அப்ப நீ மகரம் எண்டா என்னண்டுதானே கேட்டனீ?”

நஃப்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் தொலைபேசியை எடுத்தாள். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். “டொக்டர் ஆயிரம் கண் செய்தவர்” என்று ஒரு வரி வந்தது. அது அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு வருகிற டொக்டரை அவள் இன்னும் பார்த்ததே இல்லை. அந்த வரியையும் அழித்தாள்.

கடைசியில் போனது இது:

“வணக்கம். முதலில் மன்னிக்க வேண்டும். தடை, லாபம் என்று அனுப்பியவை இரண்டு நாட்காட்டிகளில் அச்சடித்திருந்த சொற்கள். நூறு வீதம் வெற்றி என்றது நானே எழுதியது, அது பிழை. நீங்கள் மகரம் என்று மட்டும் எழுதியபோது என்ன தெரிய வேண்டுமென்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ராசிபலன் பலருடைய நம்பிக்கை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு உங்களுக்கு என்ன நடக்கும் என்று நாட்காட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். இந்தச் சிகிச்சை அநேகமாக நல்லபடி முடிகிறது, ஆனாலும் சிக்கல் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். முதல் தரம் என்றால் பயம் வரும். பயத்தை நாட்காட்டியிடம் கேட்காமல் டொக்டரிடம் வாயால் சொல்லுங்கள். இன்று விட்டால் அடுத்தது நாலு மாதத்துக்குப் பிறகு. வருவதும் விடுவதும் உங்கள் முடிவு. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் உங்களுக்காக ஒரு கதிரை போட்டிருக்கிறோம். நஃப்லா, கண் முகாம், புதுக்குடியிருப்பு.”

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம்.

“ஐயோ, முகாமோ இது? நான் சாத்திரியாருக்கெண்டு அனுப்பினது. நம்பர் மாறிப் போச்சு. மன்னியுங்கோ.” அடுத்து ஒரு சொல். “வாறன்.”

நஃப்லா அதே சூட்டோடு கமலாசனிக்கு எடுத்தாள். தானே குழம்பி அவரையும் குழப்பியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். நல்ல நாள் என்றும் சொல்லவில்லை, கெட்ட நாள் என்றும் சொல்லவில்லை.

“அப்ப ஒண்டும் நடக்காதெண்டு சொல்ல மாட்டாய்?”

“சொல்லேலாது அம்மா. டொக்டரும் சொல்ல மாட்டார். ஆனா அவர் வருவார், நாங்களும் இருப்பம்.”

கமலாசனி யோசித்தார். “காலமையிலையிருந்து என்னட்டை இதையொண்டுதான் பொய்யில்லாமல் கதைச்சிருக்கிறாய். வாறன். ஆனா நான் முதலாவது போக மாட்டன்.”

எட்டு மணிக்குக் கதிரைகள் நிறைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று நஃப்லா எண்ணினாள். ஆறு பேரும் வந்துவிட்டார்கள். அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி அந்த மகரத்திடம் இருந்தது. நேரே பார்த்து மன்னிப்புக் கேட்டால்தான் மனம் ஆறும்.

“இதிலை காலமை முகாமுக்குச் செய்தி போட்டது ஆர்?”

ஒருவரும் கை தூக்கவில்லை.

“கோவிக்க மாட்டன். மகரம் ஆர்?”

“நான் கடகம்” என்றார் கமலாசனி உரத்து.

“எனக்குத்தான் ராசியே இல்லையே மகள்” என்றார் கலந்தர் காக்கா. மற்ற நால்வரும் மீனம், கன்னி, துலாம், இன்னொரு கடகம் என்றார்கள்.

“ஆரோ மறைக்கினம்” என்று கதிர்காமநாதன் அவள் காதுக்குள் சொன்னார். “வெக்கத்திலை.”

“இல்லையண்ணை, வராத ஆளாக்கும். ஏழாவது ஆளொண்டு எங்கையோ இருக்கு. பதிவு விட்டுப்போச்சோ தெரியாது!” அவள் பதிவேட்டைப் புரட்டினாள். கழிவறைப் பக்கம் போய்ப் பார்த்தாள். படலைவரை போய் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

வீதியிலிருந்து வவுனியாவிலிருந்து டொக்டரை ஏற்றி வந்த வாகனம் உள்ளே திரும்பியது. டொக்டர் லக்ஷன் இறங்கினார். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம், தோய்த்துத் தேய்த்த சட்டை. ஆறு பேருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னார். கமலாசனியின் பக்கத்தில் குந்தியிருந்து, “அம்மா, பயமோ?” என்று கேட்டார். “ஓம்” என்றார் அவர். “பயம் வரத்தான் செய்யும். என்னட்டை வாயாலை சொன்னதே நல்லது” என்றார் டொக்டர். பிறகு நஃப்லாவைப் பார்த்து ஒரு தரம் தலை குனிந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“நான்தான் முதலாவது போறன்” என்று கமலாசனி எழும்பினார்.

நஃப்லா மட்டும் படலையடியிலேயே நின்றாள். வாகனச் சாரதி சுகிர்தன் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் வந்தான்.

“ஆரைத் தங்கச்சி பாக்கிறீங்கள்?”

“ஒரு நோயாளியை. மகர ராசிக்காரர். வாறன் எண்டவர், இன்னும் காணேல்லை.”

சுகிர்தன் ஒரு மிடறு குடித்தான்.

“தேடாதேங்கோ தங்கச்சி. வாற வழியெல்லாம் உங்கட செய்தியைத்தான் திருப்பித் திருப்பி வாசிச்சவர். அவர் உள்ளுக்கை கையுறை போடுறார்.”