சோணைமுத்து அண்ணனை வழியனுப்பின பேச்சு

சோணைமுத்துவைப் போக விடுறதில்லன்னு தங்கப்பாண்டி முடிவு பண்ணிட்டாரு. கையப் புடிச்சு இழுக்க முடியாது. பேசியே நிறுத்திரணும். மைக்க அவரு கையில குடுத்தா கல்லும் அழுதுரும்னு கப்பலூர்ல அவரு கம்பெனி ஆளுக சொல்லுவாங்க. அவருகிட்ட சம்பளம் வாங்குறவங்க வேற என்னத்தச் சொல்லுவாங்க?

சோணைமுத்து அவரு வீட்டு டிரைவர். இருபது வருசத்துக்கு மேல ஓட்டிட்டு, "முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது, இனிமே அலங்காநல்லூர்ல மகன் வீட்டோட இருந்துக்கிறேன்"னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் விளாங்குடி வீட்டுலயே விருந்து, வழியனுப்பு. அக்கம்பக்கத்து ஆளுகளும் வாராங்க.

தங்கப்பாண்டிக்கு டிரைவர் போறது கவலையில்ல. கறிதோசை போறதுதேன் கவலை. டாக்டரு கறியத் தொடாதன்னுட்டாரு. வீட்டுல பொண்டாட்டி முனீஸ்வரி மூணு வேளையும் சொரக்கா. ஆனா சாயங்காலம் கம்பெனியில இருந்து திரும்பையில, நாலுவழிச்சாலையோரம் ஒரு கடை முன்னாடி காரு தானா நிக்கும். சோணைமுத்து வாயத் தொறக்கவே மாட்டாரு. அப்படி ஒரு டிரைவர் இனி எங்க கெடைப்பான்?

'நான் பேசுறதக் கேட்டு மனுசன் ஓன்னு அழுது, நான் போகல மொதலாளின்னு நிக்கணும்'னு திட்டம் போட்டு, ஞாயித்துக்கெழமை காலையில ஹால்ல நின்னு ஒத்திகை பாத்தாரு. முனீஸ்வரி பக்கத்துல உக்காந்து சொரக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா.

"பெரியோர்களே! இருபது வருசமா நான் ஒரு டிரைவர் வச்சிருந்தேன்…"

"நிறுத்துங்க. வச்சிருந்தீகளா? அவரென்ன ஆட்டுக்குட்டியா? 'எங்க வீட்டுல வேலை பாத்தாரு'ன்னு சொல்லுங்க."

"சரி. சோணை, நீ என் உப்பத் தின்னு…"

"அவரு வண்டி ஓட்டுனாரு, நீங்க சம்பளம் குடுத்தீக. அதுல வாங்குன உப்பு அவரு உப்பு. அதென்ன 'நீ'? உங்களுக்கு எட்டு வயசு மூத்த மனுசன். 'சோணைமுத்து அண்ணே, நீங்க'ன்னு சொல்லுங்க."

"இம்புட்டு வருசமா வாய்யா போய்யான்னு கூப்புட்டுட்டு, இன்னைக்குத் திடீர்னு அண்ணேன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். சிரிக்கிற மாதிரி இருந்தது யாரு, அவரா?"

தங்கப்பாண்டி தொண்டையச் செருமிக்கிட்டாரு. "நாய் மாதிரி விசுவாசமா…"

முனீஸ்வரி கத்தியக் கீழ வச்சா. அம்புட்டுத்தேன். நாயி தானா ஓடிப்போச்சு.

"விசுவாசமும் வேண்டாம். 'பொறுப்பா பாத்தாரு'ன்னு சொல்லுங்க."

"எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி… ஏய், இதுல என்னடி தப்பு? எல்லாரும் சொல்றதுதான?"

"நம்ம டைனிங் டேபிள்ல அவரு எப்ப உக்காந்து சாப்புட்டாரு?"

தங்கப்பாண்டி மோட்டுவளையப் பாத்தாரு. அங்க ஒண்ணும் எழுதியிருக்கல.

"அதனால அதையும் எடுங்க. இன்னைக்கு அவரையும் அவரு சம்சாரம் சின்னத்தாய் மதினியையும் டேபிள்ல உக்கார வச்சு நாமதேன் பரிமாறணும். அப்பறம்?"

"அப்பறம்… முட்டி தேஞ்சு போச்சு, என்னைய விட்டுட்டுப் போயி என்ன செய்வீங்கண்ணே, நான்தேன் என்ன செய்வேன்…" இதுதேன் அவரு ஒளிச்சு வச்சிருந்த வெடி.

"அவரு முட்டிய எதுக்கு மைக்குல இழுக்குறீக? 'ஓய்வெடுக்க முடிவு பண்ணிருக்காரு'ன்னு சொல்லுங்க. முடிவு அவரோடது. போற மனுசன அழுது மறிக்கிறது மருவாதையில்ல. கவர்ல என்ன வச்சுக் குடுக்குறோம்னும் வாயத் தொறக்கக் கூடாது."

"அப்ப என்னத்தத்தேன் பேசுறது? வணக்கம் சொல்லிட்டு எறங்கிரவா?"

"நன்றி சொல்லுங்க. 'எல்லாத்துக்கும் நன்றி'ன்னா அது ஊருல இருக்குற எல்லா டிரைவருக்கும் பொருந்தும். அவரு உங்களுக்குன்னு எந்த எடத்துல என்ன செஞ்சாரோ அதச் சொல்லுங்க. மத்தவங்களுக்குத் தெரியாத உதவியா இருந்தா ரொம்ப நல்லது. கடைசியா, 'எங்க பக்கம் குறை இருந்தா மன்னிச்சுக்கங்க, போயிட்டு வாங்க'ன்னு முடிச்சிரணும்."

தங்கப்பாண்டிக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. பொம்பள தெரியாம வழியக் காட்டிட்டாளே! ஒவ்வொரு உதவியா எடுத்து விட்டா சோணைமுத்து அழாம என்ன பண்ணுவாரு?

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சுச்சு. நடுச்சேருல சோணைமுத்து. இத்தன வருசமா டிரைவர் சீட்டுல சாஞ்சு உக்காந்த மனுசன், சோபா சேருல நுனியில ஒட்டிக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல சின்னத்தாய். தங்கப்பாண்டி துண்டப் போத்தி, ரெண்டு கையாலயும் கவரக் குடுத்துட்டு மைக்கப் புடிச்சாரு.

"சோணைமுத்து அண்ணே! எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப, சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல, சந்து சந்தாப் பூந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நீங்க!"

கைதட்டல். சோணைமுத்து கண்ணு லேசாக் கலங்குச்சு.

"என் மக பரிச்சைக்கு ஹால் டிக்கெட்ட மறந்துட்டுப் போனப்ப, யாரும் சொல்லாமலே திரும்பி வந்து எடுத்துட்டுப் போனது நீங்க!"

சின்னத்தாய் கண்ணத் தொடைக்க முந்தானைய எடுத்துட்டாக. தங்கப்பாண்டிக்கு வேகம் வந்துருச்சு. இன்னும் ஒண்ணு போட்டா ஆளு விழுந்துருவாரு. யாருக்கும் தெரியாத உதவி!

"தெனமும் சாயங்காலம் நாலுவழிச்சாலைக் கடையில நான் உள்ள உக்காந்து ரெண்டு கறிதோசை சாப்புடுற வரைக்கும், வெளிய வெக்கையில வண்டியிலயே காத்துக் கெடந்தீங்களே அண்ணே! எனக்கொண்ணு வேணும்னு கேட்டதில்ல! வீட்டுல மூச்சு விட்டதில்ல! அந்த மனசுக்கு…"

முனீஸ்வரி முன்னாடியே ஒளறிட்டோம்னு அப்பத்தேன் ஒறச்சுச்சு. கூட்டத்துல ஒருத்தரும் கைதட்டல. சோணைமுத்து துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு.

முனீஸ்வரி மட்டும் பொறுமையா, ஒவ்வொரு தட்டா, கைதட்டுனா.

"ஏண்ணே, அவரு சட்டையில என்ன வாசனைன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்? 'டீசல் வாசனைம்மா'ன்னீங்களே?"

"மன்னிச்சுக்கங்கம்மா."

"நீங்க எதுக்குண்ணே? நம்பிச் சொன்னத வெளிய விடாம காப்பாத்துனீங்க. உங்ககிட்ட கேட்டது என் தப்பு. அதேன் கேட்ட ஒடனே கொட்டுற ஆளு கையில மைக்கக் குடுத்தேன்."

தங்கப்பாண்டிக்குக் கறிதோசை போனது போகட்டும். 'ஒரு நாளும் நான் அவர உள்ள சாப்புடக் கூப்புட்டதே இல்லையே'ங்கிறது, அவரே மைக்குல சொன்ன பெறகுதேன் அவரு காதுல விழுந்துச்சு. மைக்க வாயிக்குக் கிட்டக்கக் கொண்டு போனாரு. கொரலு எலி மாதிரி வந்துச்சு.

"எங்க பக்கம்… என் பக்கம் குறை இருந்துச்சு. மன்னிச்சுக்கங்கண்ணே. போயிட்டு வாங்க."

சோணைமுத்து எந்திரிச்சாரு. அவரும் மொத மொதலா மொதலாளிங்கிற வார்த்தைய விட்டாரு. "போயிட்டு வாரேன் தம்பி."

கார்ச் சாவிய முனீஸ்வரி கையில குடுத்தாரு.

"அவகிட்ட எதுக்கு?"

"அம்மா லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாசமாச்சு தம்பி. நான்தேன் கத்துக் குடுத்தேன். சொல்ல வேண்டாம்னாங்க, சொல்லல."

சாயங்காலம், அண்ணனையும் மதினியையும் அலங்காநல்லூருக்கு அவளே கொண்டு போயி விடுறதாச் சொல்லி, வண்டிய எடுத்தா முனீஸ்வரி. சோணைமுத்து முன்சீட்டு. பின்னாடி சின்னத்தாய் பக்கத்துல தங்கப்பாண்டி ஒடுங்கி உக்காந்தாரு. வண்டி அலங்காநல்லூர்ப் பக்கம் திரும்பல. நேரா நாலுவழிச்சாலைக்குப் போயி, அந்தக் கடை முன்னாடி நின்னுச்சு. கல்லுல கறி விழுற சத்தம் கேட்டுச்சு. தங்கப்பாண்டிக்கு உசுரு திரும்பி வந்துச்சு. என்ன இருந்தாலும் பொண்டாட்டியில்ல!

முனீஸ்வரி மூணு கதவத் தொறந்தா. "வாங்கண்ணே, வாங்க மதினி, சூடா சாப்புடலாம்."

தங்கப்பாண்டி நாலாவது கதவுல கைய வச்சாரு.

"நீங்க எங்க எறங்குறீக? இங்க பார்க்கிங் கெடையாது. வண்டியிலயே இருங்க, போலீஸு வந்தா முன்னாடி நகட்டி… ஐயய்யோ, உங்களுக்கு ஓட்டவும் தெரியாதுல்ல. ஹாரனாச்சும் அடிங்க."