புதன்கிழமைக்கு ஓட்டு விழவில்லை

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் புதன்கிழமை. "அம்மா 70 ரகசியம்" என்ற குரூப்பில் சின்னவன் வைத்த வாக்கெடுப்பில் புதன்கிழமைக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. வைத்தவனே போடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அண்ணனுக்கு டியூட்டி. ஞாயிறு என்றதும் மூன்று ஓட்டும் விழுந்தன.

வேலையைப் பிரித்தார்கள். இருபது பேருக்குச் சாப்பாடு அண்ணன் பொறுப்பு. கேக்கும் பலூனும் சின்னவனுக்கு. கண் பரிசோதனை என்று சொல்லி அம்மாவை வெளியே கூட்டிப்போவது அக்கா. மொத்தச் செலவை மூன்றாக வகுத்துச் சின்னவன் குரூப்பில் போட்டான்.

"நான் கார் எடுக்கறேன். என் பங்குல பெட்ரோலைக் கழிச்சுக்கோ," என்றாள் அக்கா.

அண்ணன் கட்டைவிரல் காட்டினான். பணம் வரவில்லை. இரண்டு தடவை ஞாபகப்படுத்திய பிறகு பதில் வந்தது: "கேக்கை ஒரு கிலோவா குறைச்சுடேன்."

"அது இருக்கட்டும், புதன்கிழமை போன்ல வாழ்த்தாவது சொல்லணும்ல?" என்று கேட்டான் சின்னவன்.

"சொன்னா, எப்ப வர்றீங்கன்னு கேப்பாங்க. எனக்கு வாய் நிக்காது, உளறிடுவேன்," என்றாள் அக்கா.

"அப்ப யாருமே பேச வேணாம். மறந்துட்ட மாதிரி இருப்போம். ஞாயித்துக்கிழமை அசந்துடுவாங்க," என்றான் அண்ணன்.

ஞாயிறு ஓட்டை விட்டால், பிறந்ததிலிருந்து மூன்று பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை மத்தியானம் அம்மாவே சின்னவனைப் போனில் கூப்பிட்டாள்.

"சும்மாதான்பா. சாப்பிட்டியா?"

"மீட்டிங்ல இருக்கேன்மா. அப்புறம் பேசறேன்."

மீட்டிங்காவது மண்ணாவது. ஆபீஸ் கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பெற்றவளிடம் வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அம்மா போன் பண்ணாங்க. பாவமா இருக்கு. சொல்லிடட்டுமா?" என்று குரூப்பில் தட்டினான்.

"கெடுத்துடாதே. எனக்கும் வந்துச்சு, நான் எடுக்கலை," என்றான் அண்ணன்.

"நான் காலைலேர்ந்து போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்," என்று அக்கா தட்டினாள். எந்தப் போனிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

சின்னவனும் அம்மாவை அப்புறம் கூப்பிடவில்லை. மனசு உறுத்தியதில் கேக்கை மட்டும் தன் கைக்காசில் இரண்டு கிலோவாக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அம்மாவைக் கூட்டிப்போனதும், அண்ணனும் தம்பியும் மாற்றுச் சாவியால் வீட்டைத் திறந்தார்கள். கேக் மேஜைக்கு வந்தது. பலூனை ஊதி ஊதி அண்ணனுக்குக் கண் இருட்டியது. ஒன்று படாரென்று வெடித்ததில் பக்கத்து வீட்டம்மா பதறிப்போய் ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. அம்மாவுக்குப் பிறந்தநாள். திடீர்னு அசத்தலாம்னு," என்றான் சின்னவன். நாலு நாளில் முதல்முறையாக அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

அந்த அம்மா கேக்கைப் பார்த்தார். இரண்டு பேரையும் பார்த்தார்.

"மறுபடியுமா தம்பி? புதன்கிழமைதான் உங்கம்மா வீடு வீடா கேக் குடுத்தாங்களே, பிள்ளைங்க மூணு பேரும் சேர்ந்து அனுப்பி வச்சதுன்னு."