இடது பக்கம் மட்டும் எண்ணெய்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். வேர்க்கண் ஐயாவின் கூட்டத்துக்கு அன்று ஆயிரம் பேர் கூடினார்கள் என்பாள் அக்கா. நானூறு என்பாள் என் மனைவி. நான் எண்ணவில்லை, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். வரிசை மட்டும் தெருமுனை வரை நீண்டிருந்தது. வெயிலில் தலைகள் பளபளவென்று பார்க்க அழகாகவே இருந்தன.

வேர்க்கண் ஐயா எங்கள் ஊர் முடி வைத்தியர்; யார் தலையைத் தொட்டாலும் முடியின் வேர் அவர் கண்ணுக்குத் தெரியுமாம். வட்ட வட்டமாக முடி கொட்டினால் அது பொறாமைப் புழுவின் வேலை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. யாரோ உங்கள் முடியைப் புகழ்ந்திருக்கிறார்கள்; புழு அவர்கள் வாயிலிருந்து கிளம்பியது. மருந்து, அவருடைய கறுப்பு எண்ணெய். முடி வளர்ந்தால் எண்ணெயின் மகிமை. வளராவிட்டால் உங்கள் மனதில் சந்தேகம். தோற்க வழியே இல்லாத வைத்தியம்!

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மேசைக்கு மேசை முகம் பார்க்கும் கண்ணாடி. இரண்டு காதுகளுக்கும் பின்னால் நாணய அளவில் முடி கொட்டியதிலிருந்து, வாடிக்கையாளர் முகத்துக்குப் பின்னால் தன் தலைதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு அம்மாள் "என்னம்மா, புழுவெட்டா?" என்று சத்தமாகக் கேட்ட அன்றே, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பின்னறைக்கு லென்ஸ் தேய்க்கப் போய்விட்டாள். வீட்டில் குளியலறைக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

தோல் மருத்துவர் உள்ளதைச் சொன்னார். "புழுவெல்லாம் இல்லைங்க. உடம்போட காவல்படை ஆள் தெரியாம முடியோட வேரை அடிக்குது. வேர் சாகல. நிறைய பேருக்குச் சில மாசத்துல தானாவே வளரும், சிலருக்கு வளராது. வளர்ந்தது மறுபடி கொட்டவும் செய்யும். ஊசி போட்டுப் பாக்கலாம். ஆனா உறுதி சொல்ல முடியாது."

ஊசி வேண்டாமென்று அக்கா எழுந்து வந்துவிட்டாள். ஐயா உறுதி சொன்னார்.

"உன் முடியை யாரும்மா புகழ்ந்தாங்க?"

ஒருமுறை என் மனைவி, "அண்ணி, உங்க முடி என்ன அடர்த்தி!" என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுதான். ஐயா கேட்ட அன்றிலிருந்து அக்கா அவளிடம் பேசவில்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அப்போதுதான் கடைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். புருவம் இல்லை, இமைமுடி இல்லை.

"தடிமனான ஃப்ரேமா குடுங்கம்மா. புருவம் இல்லாதது தெரியாது, கண்ணுல தூசியும் விழாது" என்றவர், பின்னறையில் அக்காவின் தலைத்துணியைப் பார்த்துவிட்டார். "நம்ம கட்சியா? சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடிக்கு வாங்க."

மாடியில் பதினோரு பேர், எல்லோரும் முடி கொட்டியவர்கள். வாசல் மேசையில் தொப்பிகளும் விக்குகளும். கழற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அக்கா அழுதாள். யாரும் "முடிதானே, விடுங்க" என்று சொல்லவில்லை. சிவப்பு விக் வைத்த, வங்கியில் வேலை பார்க்கும் பெண் மட்டும், "நான் ஆறு மாசம் போட்டோ எடுக்க விடல. இப்ப விக்கோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு" என்றாள். முடி கொட்டியபின் அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அழைத்துப்போன சாக்கில் மூலையில் இருந்தேன்.

எண்ணெய்ப் பேச்சு வந்தது. டிரைவர் சொன்னார்: "ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானே கொட்டியிருக்கு? இடது பக்கம் மட்டும் பஞ்சால தொட்டு வைங்க. வலது பக்கம் ஒரு சொட்டு படக்கூடாது. மூணு மாசம்."

மூன்று மாதம் கழித்து, ஐயாவின் பெருங்கூட்டத்தில் அக்காவை மேடையேற்றினார்கள். இடது காதுக்குப் பின்னால் பூனைமுடி போல வெள்ளையாக முளைத்திருந்தது. கைதட்டல் காதைக் கிழித்தது.

"இருங்க, இன்னொரு பக்கமும் இருக்கு" என்று அக்கா திரும்பினாள். அங்கேயும் அதே முடி. "இந்தப் பக்கம் எண்ணெயே படல."

ஐயா அசரவில்லை. "இடது பக்கத்துச் சக்தி வலது பக்கம் பாய்ஞ்சிருக்கு!"

"அப்படிப் பாயற எண்ணெய், ரெண்டு வருஷம் நான் தடவின நெத்தியிலேர்ந்து புருவத்துக்கு ஏன் ஐயா எறங்கல? ரெண்டு அங்குலம்தானே!" என்றார் கூட்டத்திலிருந்து டிரைவர்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. இந்த இடத்தில் ஐயாவின் விக் கழன்று விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். விழவில்லை. அது சொந்த முடி, அப்பா வழியில் வந்தது. அவர் பெற்ற ஒரே பட்டமும் அதுதான்.

அக்கா மேடையிலிருந்து இறங்கி நேராக என் மனைவியிடம் வந்தாள். "வாய்லேர்ந்து புழு வரும்னு நம்பினேன் பாரு. என்னைத் திட்டேன்டி."

"திட்டுறேன். வீட்டுக்கு வாங்க அண்ணி, நிறைய இருக்கு."

அக்காவுக்கு அந்த முடி கறுத்து அடர்ந்தது. அடுத்த ஆண்டு நெற்றியோரம் புதிதாகக் கொட்டியது. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மருத்துவரைப் பார்த்துவிட்டு, துணி கட்டாமல் முன்மேசையில் நின்றாள். டிரைவருக்குப் புருவம் வரவில்லை, பஸ் ஓடுகிறது. மாடியில் இப்போது பத்தொன்பது பேர். என் மனைவி ஓயாமல் பேசுகிறாள், நான் கேட்கிறேன். ஐயா வேறு தெருவில் முழங்கால் வலிக்குப் பார்க்கிறார். அங்கேயும் நல்ல கூட்டமாம். கொட்டிய முடி பலருக்குத் தானாக வளர்கிறது. அறிவை மட்டும் நாம்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.