நைலான் சேலையும் அம்மா கடிதத்தின் இரண்டாம் பக்கமும்

பதினாறு வயதில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு கடிதத்தைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

ஐம்பதுகளின் பின்பாதி. கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு முன் கீழ்வகுப்புப் பெண்கள் எங்களுக்குப் பிரிவுபசார டீ பார்ட்டி வைப்பார்கள். அப்புறம் குரூப் போட்டோ. அன்று ஒரு நாள் தாவணியை விட்டுவிட்டுச் சேலை கட்டலாம். நன்றியுரை சொல்லும் பொறுப்பு எனக்கு. (சத்தமாகப் பேசுவேன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது.)

என்ன கட்டலாம் என்று கெலமங்கலத்தில் இருந்த அம்மாவுக்கு எழுதினேன். யோசனை கேட்டு அல்ல, பெருமையடிக்க. என் அறைத்தோழி சரோஜம்மா, ஓசூர்ப் பெண், தன் அண்ணியின் வெள்ளை நைலான் சேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். பெங்களூரில் வாங்கியது!

பஸ் கண்டக்டர் மூலம் ஒரு துணிமூட்டையும் கடிதமும் வந்தன.

"சிரஞ்சீவி கௌரிக்கு அம்மா ஆசீர்வாதம். இங்க எல்லாரும் சவுக்கியம். நைலான்னு எழுதியிருக்க. அது வழுக்கும் கண்ணு, கொசுவம் நிக்காது. சாட்டின் பாவாடை மேல கட்டுனா ரெண்டும் சேந்து எறங்கிடும். பருத்திப் பாவாடைய இறுக்கி நாடா போட்டு, அதுமேல கட்டு. கொசுவத்துல உள்ளாற ஒரு ஊக்கு, தோள்ல ஒண்ணு. பார்ட்டிக்குப் போடற செருப்பப் போட்டுக்கிட்டே முந்தின நாளே கட்டி, நடந்து, உக்காந்து, எந்திரிச்சுப் பாரு. ரவிக்கையப் போட்டுக் கையத் தூக்கிப் பாரு, கக்கத்துல பிடிக்குதான்னு. போட்டோவுல கலரு விழாது, கரைதான் விழும். அதனால என்னோட அகலக்கரைச் சேலைய அனுப்பறேன். அதக் கட்டறதும் கட்டாததும் உன் இஷ்டம்."

முதல் பக்கம் அங்கே முடிந்தது. 'உன் இஷ்டம்' போதாதா? கடிதத்தை மூட்டையின் மேல் செருகி, பிரிக்காமலே டிரங்குப் பெட்டிக்குள் தள்ளினேன்.

முதல் பக்கத்தை அட்சரம் தவறாமல் கடைப்பிடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஊக்கு, செருப்பு, கை தூக்கல் எல்லாம் ஆயிற்று. பருத்திப் பாவாடை புதிதாகவே வாங்கினேன். சிவப்பு. வெள்ளை நைலானுக்குள் சிவப்பு இருந்தால் வெளியே ரோஜா நிறம் காட்டும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

பார்ட்டி அன்று, விடுதிக்கும் பள்ளிக்கும் நடுவில் இருந்த மைதானத்தில் பாதி தூரம் போயிருப்போம். கோடைமழை பிடித்துக்கொண்டது. மரத்தடிக்கு ஓடினோம். சரோஜம்மா என்னைப் பார்த்துப் பாதி கன்னடத்தில் அலறினாள்.

"ஏனே இது! கௌரி, கீழ பாருடி!"

ரோஜா நிறம் காட்டத்தான் செய்தது. கோடு கோடாக, முழங்காலிலிருந்து கரை வரைக்கும்.

"கழுவிக் குடுத்துடலாம், அழாத" என்றேன், அவளைவிடச் சத்தமாக அழுதுகொண்டே.

"அத்திகேக்குத் தெரியாதுடி! கேக்காமதான் எடுத்துட்டு வந்தேன்!" (அண்ணிக்கு அவள் வீட்டுக் கன்னடத்தில் அத்திகே.)

விடுதிக்குத் திரும்பி ஓடினோம். மாற்றிக்கொள்ள அம்மாவின் மூட்டையைப் பிரித்தபோது மேலே கிடந்த கடிதம் கீழே விழுந்து, பின்பக்கம் தெரிந்தது.

"புதுப் பாவாடையா இருந்தா கல்லுப்புத் தண்ணியில ஊறவெச்சு, சாயம் போறது நிக்கற மட்டும் அலசு. அப்பறம் ஈரமான வெள்ளைத்துணியத் தேச்சுப் பாரு. ஒட்டுச்சுன்னா நைலானுக்குள்ள உடுத்தாத. மீறி சாயம் பட்டுட்டா காயவிடாத, வெந்நீர் ஊத்தாத. அப்பவே பச்சத்தண்ணியில அலசி, சோப்புப் போட்டு, திரும்பத் திரும்ப அலசு. அழுதுக்கிட்டு நிக்காத."

கடைசி வரியைப் படித்ததும் அழுகை நின்றது. கிணற்றடியில் சரோஜம்மா நீர் இறைக்க, நான் அலசினேன். முதல் வாளி ரத்தம் மாதிரி. மூன்றாவது வாளி வெளிறியது. ஆறாவதில் தண்ணீர் தண்ணீராகவே வந்தது. சேலையை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு சாணாகப் பார்த்தோம். வெள்ளை! இருவரும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

பச்சை உடம்பும் மஞ்சள் அகலக்கரையுமான அம்மாவின் பருத்திச் சேலையில் நான் மேடையேறியபோது, டீ ஆறியிருந்தது. தலைமையாசிரியை என்னைச் சுட்டிக்காட்டினார்.

"நைலான், ஜார்ஜெட்டுன்னு அலையறீங்களே, இந்தப் பொண்ணைப் பாருங்க. என்ன எளிமை!"

அடக்கத்தோடு தலைகுனிந்தேன். குனிந்ததில்தான் பார்த்தேன். சேலையைக் கழுவிய அவசரத்தில் காலைக் கழுவவில்லை. கணுக்கால் வரைக்கும் செக்கச்சிவப்பு. முதல் வரிசையில் சரோஜம்மா வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டாள். (நன்றியுரையில் யாருக்கு நன்றி சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை.)

அந்த ஞாயிறே சரோஜம்மா ஊருக்குப் போய், சேலையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அந்த அண்ணி அதே சேலையைக் கட்டிக்கொண்டு சரோஜம்மாவைப் பார்க்க வந்தாள். எங்கள் இருவரின் கண்ணும் அவள் கொசுவத்தை விட்டு நகரவில்லை.

"என்னங்கடி அப்படிப் பாக்கறீங்க?"

"சேலை ரொம்ப வெள்ளையா இருக்குதுங்க்கா" என்றேன், மனப்பூர்வமாக.

ஊருக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அம்மா திட்டவில்லை. என் காலைக் குனிந்து பார்த்தாள். சாயம் நகக்கண்ணில் இன்னும் மிச்சமிருந்தது. "இதுதான் அந்த எளிமையா?" என்றாள்.

அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது புதுத்துணி உடுத்தி அறையைவிட்டு வெளியே வந்தால், என் பேரன்பேத்திகள்வரை கேட்பது ஒன்றுதான்: "எங்க, காலக் காட்டு. எளிமையா இருக்குதான்னு பாக்கலாம்."