மொட்டைக்குளத்தின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை

மொட்டைக்குளம் பெருகினால் என் கிணறு ஊறும். குளம் போனால் கிணறும் போச்சு. அதனால்தான் எழுதினேன். பொதுநலம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நாகல் நகருக்கு அந்தப் பக்கம், குளத்துக்குள்ளேயே பெருமாள்சாமி மாட்டுக்கொட்டகை போட்டான். 1956-ல் பத்திரிகைக்கு எழுதினேன்.

'மகா-ள-ஸ்ரீ பத்திராதிபர் அவர்களுக்கு. மொட்டைக்குளத்தில் ஆக்கிரமிப்பு தொடங்கிவிட்டது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் விழித்துக்கொள்ள வேண்டுகிறேன்.'

அச்சில் வந்தது. விழித்துக்கொண்டார்கள். கலெக்டர் ஆபீசில் அதைக் கத்தரித்து ஒட்டி, 'அறிக்கை தருக' என்று தாசில்தாருக்கு அனுப்பினார்கள். அவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஞானதாசுக்குத் தள்ளினார். ஞானதாஸ் கிராமக் கணக்கெழுதும் கர்ணத்தோடு வந்து சங்கிலி பிடித்து அளந்தார்.

"கொட்டகையைப் பிரிப்பீர்களா?"

"எடுத்த எடுப்பிலேயா? பி மெமோன்னு ஒரு நோட்டீஸ் கொடுப்போம் பெரியவரே. ஆக்கிரமிப்புக்குத் தண்டத்தீர்வை போடுவோம்."

"கட்டிவிட்டால்?"

"அடுத்த வருஷமும் போடுவோம்."

"காலி செய்யச் சொல்ல மாட்டீர்களா?"

"அதுக்கு மேலிடத்து உத்தரவு வேணும்."

"கேட்பீர்களா?"

"கேட்கலாமான்னு கேட்டு எழுதியிருக்கோம்."

மறுநாள் பெருமாள்சாமி சிறுமலைப் பழச்சீப்போடு வந்தான். "நல்லா இருக்கணும் அப்பு. இம்புட்டு நாளா எனக்கு ஒரு அத்தாட்சி இல்ல. இப்ப சர்க்காரே முத்திரை குத்தி, நான் அங்கனதான் இருக்கேன்னு எழுதிக் குடுத்திருச்சு."

சேதி பரவியது. ஜக்கம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள். "அவன் பேருக்கு மெமோ வந்திருக்கு. எம் பேர எழுதக் கை வரலையா? நானும் குளத்துல குடிசை போட்டுத்தான இருக்கேன்?"

"எப்போது போட்டாய்?"

"நேத்து."

பத்து வருஷத்தில் குளம் தெருவாயிற்று. தண்டத்தீர்வை ரசீதுகளை வைத்துப் பட்டா கேட்டார்கள். நீர்நிலையில் பட்டா கொடுக்க விதியில்லை. விதியை மீறாத மனுஷர் ஞானதாஸ். சித்திரை வெயிலில் பார்வையிட்டு, 'நீர் காணப்படவில்லை' என்று எழுதினார். ஆட்சேபணை உண்டா என்று குளக்கரையில் தண்டோரா போட்டார்கள். அங்கே நின்ற எருமைகள் ஆட்சேபிக்கவில்லை. நான் எழுதிய ஆட்சேபணை கெடு கடந்து கிடைத்ததாம். மொட்டைக்குளம் கணக்கில் குடியிருப்பு மனையானது. பட்டா வந்தது.

அந்த ஐப்பசியில் பெருமழை வந்தது. குளம் மனையான தாக்கலை ஓடைக்கு யாரும் சொல்லவில்லை போல. பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. என் கிணறு ஊறியது. கைக்கு எட்டத் தண்ணீர்.

பெருமாள்சாமி நனைந்துபோய் வந்தான். "அப்பு, எங்க பட்டா நிலத்துல தண்ணி பூந்திருச்சு. இது ஆக்கிரமிப்புதான? பேப்பருக்கு எழுதுங்க."

"மாட்டேன்."

"சரி, போங்க. உங்க பழைய கடுதாசியையே பாத்து எழுதிக்கிறோம்."

எழுதினார்கள். 'பட்டா நிலத்தில் ஆக்கிரமிப்பு தொடங்கிவிட்டது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் விழித்துக்கொள்ள வேண்டுகிறோம்.'

இந்தத் தடவை மெமோ இல்லை, அளவு இல்லை, மேலிடத்து உத்தரவு இல்லை. அச்சில் வந்த அன்றே ஞானதாஸ் ஆள் கூட்டி வந்து கரையை வெட்டிவிட்டார். தண்ணீர் ஓடிப்போனது. பின்னாலேயே என் கிணற்றுத் தண்ணீரும்.

இப்போது குடத்தோடு ஜக்கம்மாள் வாசல் முனிசிபல் குழாயில் நிற்கிறேன். என் முன்னால் பெருமாள்சாமி, அவனுக்கு முன்னால் ஞானதாஸ் வீட்டுக் குடம். குழாயில் காற்றுதான் வருகிறது.

"அய்யா, சும்மாதான நிக்கிறீக," என்கிறாள் ஜக்கம்மாள். "பேப்பருக்கு ஒண்ணு எழுதிப் போடுங்களேன்."