கெட்டி மேளத்துக்குள் ஒரு தும்மல்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ரயிலில் போய் வருகிறவர்களில் தும்மல் அண்ணனைப் போல ஒழுக்கமான மனிதரை நான் பார்த்ததில்லை. பொய் சொல்ல மாட்டார். வெற்றிலை போட மாட்டார். வரிசையில் முந்த மாட்டார். பிக்பாக்கெட் அடிப்பார், அவ்வளவுதான்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அவர் எனக்கு அறிமுகமான விதமே விசேஷம். ஒருநாள் தாம்பரத்தில் இறங்கும்போது, ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, என் தோளைத் தொட்டு, "சார், நம்ம போனை எவனோ அட்ச்சிட்டான். உங்க போன்ல இருந்து ஒரு ரிங் வுடுங்க சார்" என்றார். விட்டேன். ஸ்விட்ச் ஆஃப். நான் அனுதாபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் தடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"போனா போவுது சார். எப்டி எட்த்தான் பாருங்க! வண்டி நின்னுகினு கீது, எல்லாரும் ரெண்டு கால்ல ஸ்ட்ராங்கா நிக்கிறான், அப்பப் போயி கைய வுடுறான். வண்டி கெளம்பி ஒரு குலுக்கு குலுக்கும்ல, அப்ப எவனுக்கு எவன் கை பட்டுச்சுன்னு தெரியும்? இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல சார்."

பறிகொடுத்தவன் பேசுகிற பேச்சா இது? நான் மெதுவாக என் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார். "பாத்தீங்களா? பர்ஸ் எங்க கீதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. 'பிக்பாக்கெட் ஜாக்கிரதை'ன்னு போர்டு வெச்சிகிறாங்களே, அதுக்குப் பக்கத்துல நின்னா போதும். படிக்கிற ஒவ்வொருத்தனும் வெச்ச எடத்த ஒரு தட்டு தட்டிப் பாப்பான். கவர்மெண்டு நமக்குன்னே வெச்ச போர்டு சார் அது."

அன்றிலிருந்து பழக்கம். ஸ்டேஷனுக்கு மேற்கே டீக்கடையில் நிற்போம். நான் ஊரப்பாக்கம், அவர் எங்கே என்று சொன்னதில்லை.

அவர் ஆயுதம் தும்மல். சாதாரணத் தும்மல் இல்லை. மின்சார ரயிலின் ஹாரனே கூச்சப்படும். நெரிசலில் அவர் தும்மினால் நாலு பக்கமும் உள்ளவர்கள் கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி, கையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். பாக்கெட்டைக் காவல் காத்த கை மூக்கைக் காவல் காக்கப் போய்விடும். அந்த நேரத்தில் ஒரு கையில் மடித்த தினசரியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கத்தரிக்கோல் மாதிரி நீட்டுவார். பர்ஸைப் பிடித்து இழுப்பது கத்துக்குட்டி வேலை. பாக்கெட்டின் உள்துணியைத் துளித்துளியாக மடித்துக்கொண்டே வந்தால் பர்ஸ் தானாக மேலே ஏறி வந்து நிற்கும் என்பார். வந்ததும் அது அவரிடம் தங்காது. கூட்டாளியின் பைக்குள் போய்விடும். யார் சோதித்தாலும் அண்ணன் வெறுங்கை. "பிறகு சாரி சொல்வீங்களா?" என்று கேட்டேன். "தும்முனதுக்கு சொல்லுவேன் சார்" என்றார்.

கொரோனா வந்து அவர் பிழைப்பில் மண் விழுந்தது. ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த முதல் நாள், ஆசையாகப் போய் ஒரு தும்மல் போட்டிருக்கிறார். பெட்டியே காலி. "எட்டு அடிக்கு மனுசன் இல்ல சார். காத்துல கைய வுட்டு இன்னாத்த எடுக்கறது?" என்று கண் கலங்கினார். கொரோனா போய் முடிவதற்குள் ஊர் முழுக்க ஸ்கேன் செய்து பணம் கொடுக்கப் பழகிவிட்டது. கூட்டாளி தொழிலை விட்டுச் சாப்பாடு டெலிவரிக்குப் போனான். "இப்பல்லாம் பர்ஸ்ல இன்னா கீது சார்? ஒரு ஆதாரு, ஒரு புள்ளையாரு. அத்தயும் திருப்பித் தரணும்."

திருப்பித் தருவார். கார்டு, லைசென்ஸ் எல்லாவற்றையும் தபால் பெட்டியில் போட்டுவிடுவார். தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். தபால் பெட்டிகள் குறைந்துகொண்டே வருவதைப் பற்றி இந்த நாட்டில் மனப்பூர்வமாகக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

இன்னும் சில சட்டங்கள் உண்டு. தூங்குகிறவனிடம் எடுக்கக் கூடாது. அது திருட்டு என்பார். கைக்குழந்தை வைத்திருப்பவர், ஆஸ்பத்திரி ஸ்கேன் கவர் வைத்திருப்பவர், மஞ்சள் பை வைத்திருப்பவர் மூவரையும் தொடக் கூடாது. மஞ்சள் பை என்றால் கல்யாணம். "நல்ல காரியத்துல கை வெச்சா கை வெளங்காது சார். நமக்கு கைதான் சொத்து."

இப்படிப்பட்டவர் ஒரு முகூர்த்த நாள் காலையில், சிங்கப்பெருமாள் கோவில் பிளாட்பாரத்தில், பட்டு வேட்டியில் நின்ற என்னைத் தரதரவென்று ஓரமாக இழுத்தார். முகமெல்லாம் வியர்வை.

"சார், நீங்க கோயில்ல நடக்கிற கல்யாணத்துக்கா வந்துகிறீங்க?"

"ஆமா. பக்கத்து வீட்டுப் பொண்ணு சுபாவோட கல்யாணம்."

"பேஜாராயிடுச்சு சார்." கையை விரித்தார். காப்பிக் கலரில் ஒரு பழைய ஜிப் பர்ஸ். உள்ளே மஞ்சள் கயிறும் தாலியும்.

விஷயம் இதுதான். தாலியைக் கொண்டுவருவது மாப்பிள்ளையின் தாய்மாமன் பொறுப்பு. முகூர்த்த நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வேனில் வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்குத்தான் போய்ச் சேர முடியும் என்று அவர் ரயிலில் வந்திருக்கிறார். ஜிப்பாவின் பக்கவாட்டுப் பாக்கெட்டை நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அண்ணன் விடுவாரா? எடுத்தது தெரியாமலிருக்க, அதே கனத்துக்கு ஒரு கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டார். அடுத்த பெட்டிக்குப் போய்ப் பர்ஸைத் திறந்த பிறகுதான் அவருக்கு உயிர் போயிருக்கிறது. அதற்குள் மாமா இங்கே இறங்கி, கோவிலுக்கு ஆட்டோ ஏறிவிட்டார்.

"கீழே கிடந்துச்சுன்னு நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்" என்றேன்.

அண்ணன் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தாலி காணாப் போயி கெட்சதுன்னு தெரிஞ்சா சும்மா வுடுவாங்களா சார்? நாளைக்கு அந்த வூட்ல பால் பொங்கி வயிஞ்சாக்கூட, அன்னிக்கே தாலி தொலஞ்சுதேன்னு அந்தப் பொண்ணத்தான் சொல்லுவாங்க. அது போனது ஒர்த்தனுக்கும் தெரியக் கூடாது. எட்த்த எடத்துலயே வெக்கணும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சுபாவுடையது காதல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அத்தைகள் மூன்று பேர். பூனை எப்போது குறுக்கே போகும் என்று ஆறு மாதமாகக் காத்திருக்கிறவர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஐயர் தாலியைக் கேட்கப்போகிறார். மாமா சபை நடுவே கடலை மிட்டாயை எடுத்து நீட்டப்போகிறார்.

ஷேர் ஆட்டோவில் போகும்போது அண்ணன் பாடம் நடத்தினார். "எடுக்கறது சுளுவு சார், வெக்கறதுதான் கஷ்டம். பாக்கெட்டு கனம் கூடுனா மனுசன் ஒடனே திரும்புவான். அதனால ஒரே நேரத்துல மாத்தணும். அப்ப அவுரு ஒடம்புல வேற எடத்துல அய்த்தமா ஒரு பிடி வுழணும். பெரிய பிடி இருக்கும்போது சின்னப் பிடி தெரியாது. அந்தப் பெரிய பிடி நீங்கதான்."

"நானா? நீங்க வழக்கம்போல ஒரு தும்மல் போட்டா..."

"முகூர்த்தத்துல தும்மறதா!" கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெளங்கும் சார் அந்தக் கல்யாணம்."

கோவில் மண்டபத்தில் ஹோமப் புகை. மாமா மீசையும் விறைப்புமாக மணமக்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு பாக்கெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கும் அந்த மனிதரை, "மாமா! எத்தனை நாளாச்சு!" என்று கட்டிப்பிடித்தேன். அவர் திணறிப்போய், "யாரு... தம்பி?" என்றார். அண்ணன் பக்கவாட்டில் வந்துவிட்டார். ஆனால் பதற்றத்தில் நான் மாமாவைப் பாசமாக அரைவட்டம் சுழற்றிவிட்டேன். அண்ணனுக்கு எதிரே வந்து நின்றது என் முதுகு.

"அந்தப் பக்கம் சார், அந்தப் பக்கம்" என்று என் காதருகே ஒரு முனகல்.

"மாங்கல்யத்தைக் கொண்டாங்கோ!" என்றார் ஐயர்.

மாமா கையை விடுவிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. மறுபடி சுழற்றி, இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்து, என்ன பேசுவதென்று தெரியாமல், "நீங்க இல்லாம இந்தக் கல்யாணம் நடந்திருக்குமா மாமா!" என்று குலுக்கினேன். அவருக்கே கண் கலங்கிவிட்டது. மூன்று அத்தைகளும் எங்களையே பார்த்தார்கள். சுபா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அப்பா எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தார்.

"ஓய்! நாழியாறது!"

மாமா என்னை உதறிவிட்டு ஜிப்பாப் பாக்கெட்டில் கையை விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கையில் காப்பிக் கலர் பர்ஸ். அத்தைகள் முகத்தில் லேசான ஏமாற்றம். தாலி தேங்காய்த் தட்டில் ஏறி, எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கச் சபையைச் சுற்றி வந்தது.

அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். ஹோமப் புகை மூக்கில் ஏறியிருந்தது. இத்தனை வருஷமாக அவர் வரவழைத்த தும்மல், இப்போது அழைக்காமலே வந்து வாசலில் நின்றது. மூக்கைப் பிடித்தார், மூச்சைப் பிடித்தார், தூணைப் பிடித்தார். முகம் குங்குமமாகி, கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. பக்கத்திலிருந்த பாட்டி, "பொண்ணைப் பெத்தவர்போல இருக்கு, பாவம்" என்றாள்.

தட்டு மெதுவாகச் சுற்றியது. மூன்றாவது அத்தை வேண்டுமென்றே நிதானமாக ஆசீர்வதித்தாள். கடைசியில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். ஐயர் விரலை உயர்த்தி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்றார். அபசகுனச் சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டி மேளம் வைத்தார்கள்? தவிலும் நாகஸ்வரமும் வெடித்துக் கிளம்பின. தூணோரம் அண்ணனின் உடம்பு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. வாய் திறந்து மூடியதை மட்டும்தான் நான் பார்த்தேன். சத்தம் ஒரு அத்தைக்கும் கேட்கவில்லை. மூன்று முடிச்சும் விழுந்தது.

பந்தியில் எனக்கும் மாமாவுக்கும் நடுவே அண்ணன். மாமா என் தோளைத் தட்டி, "மஞ்சப் பையில வெச்சுக்கோன்னாங்க பொம்பளைங்க. நான் கேக்கலையே! மஞ்சப் பையைப் பாத்தா எவனாவது அடிச்சுடுவான்னு பழைய பர்ஸ்ல போட்டேன். எங்கிட்ட எவன் எடுக்க முடியும்?" என்றார்.

அண்ணனுக்கு ரசம் புரையேறியது. "கரெக்ட் சார். உங்கள மாதிரி உசாரான ஆளுங்களால தான் எங்க... ஊர்ல திருட்டே இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து கைக்குட்டைக்காகப் பாக்கெட்டில் கையை விட்டேன். கடலை மிட்டாய் வந்தது.

கைகழுவிவிட்டு அண்ணன் நழுவப் பார்த்தார். அதற்குள் சுபா, "அங்கிள், ஃபேமிலி போட்டோ! வாங்க" என்று கூப்பிட்டாள். நான் அண்ணனின் கையைப் பிடித்தேன்.

"வேணாம் சார். என் போட்டோ இதுவரைக்கும் எங்கியும் வந்ததில்ல. வந்தா ஸ்டேஷன் செவுத்துலதான் வரும்."

"இவர் யாரு அங்கிள்?" என்றாள் சுபா.

"என் அண்ணன்" என்றேன்.

"அப்ப எங்க பெரியப்பா. நடுவுல வந்து நில்லுங்க பெரியப்பா."

நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கும்பிட்டபடியே நின்றார்.

அந்தப் படம் என் வீட்டு ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கும்பிட்டு நிற்பவர் யார் என்று கேட்பார்கள். என் அண்ணன் என்பேன். முதல் தடவை அவளைச் சமாளிக்கத்தான் அப்படிச் சொன்னேன். இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரியே இல்லை.